சிசர் லிஃப்ட் அலாரம் அடித்து நின்றால்: எந்த நேரத்தில் அடித்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்

சிசர் லிஃப்ட், அதாவது கத்தரிக் கால்கள் விரிந்து மேடையை உயர்த்தும் வண்டி, மேலே போய்க்கொண்டிருக்கும்போது நின்று, விடாமல் அலாரம் அடித்தால் வேலைத்தளத்தில் முதலில் கிளம்பும் பேச்சு, "சென்சார் போச்சு" என்பதுதான். பெரும்பாலும் சாய்வை அளக்கும் அந்தச் சென்சார் போயிருக்காது. தரையைப் பற்றி அது ஒரு சேதி சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சேதியைப் படிக்க எளிய வழி, அலாரம் எந்த நேரத்தில் அடித்தது என்று பார்ப்பது. மேடை ஏறத் தொடங்கியதுமே அடித்ததா, ஏறி நின்று கொஞ்ச நேரம் கழித்து அடித்ததா, நகர்த்தும்போது அடித்ததா? மூன்றும் மூன்று வேறு கோளாறுகள்.

இங்கே சொல்வது, கட்டடங்களுக்குள் அதிகம் ஓடும் சின்ன பேட்டரி வண்டியை வைத்து. மேடை சுமார் 6 மீட்டர் ஏறும், வண்டியின் எடை சுமார் 1500 கிலோ, மேடை தாங்கும் பாரம் 230 கிலோவை ஒட்டி. உங்கள் வண்டியின் கணக்கு அதன் விவரப் பலகையிலும் கையேட்டிலும் இருக்கும். கீழே வரும் எண்களுக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் பலகை சொல்வதுதான் செல்லும்.

எந்த அலாரமானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கைப்பிடிக் கம்பிகளுக்குள்ளேயே இருங்கள், கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து கையை எடுங்கள், திரையில் என்ன எழுத்து வருகிறது என்று பாருங்கள். சில வண்டிகளில் சாய்வுக்கு `LL` என்றும் பாரம் மிகுந்தால் `OL` என்றும் வரும். சாய்வு அலாரத்தில் ஏறுவதும் ஓட்டுவதும்தான் பூட்டப்படும். இறங்குவது வேலை செய்யும். எனவே இறங்குங்கள். மிச்சத்தைக் கீழே வந்து பார்க்கலாம்.

சுமார் 2 மீட்டரைத் தாண்டும்போதே அடிக்கிறது

மேடை முழுதாக மடங்கியிருக்கும்போது பல வண்டிகள் சாய்வைக் கண்டுகொள்வதில்லை. சரிவில் ஏறி இறங்க வேண்டியிருக்குமே. மேடை ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும்தான் சாய்வுப் பூட்டு விழித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் அடித்து நின்றால், வண்டி நிற்கும் இடம் முதலிலிருந்தே சாய்வாக இருக்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப நடக்கிறது. பலகையில் "ஏறும் சரிவு 25 சதவீதம்" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இந்தச் சின்னச் சரிவெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். அந்த 25 சதவீதம், அதாவது சுமார் 14 டிகிரி, மேடையை மடக்கி வைத்து ஓட்டிப் போவதற்கு மட்டும். மேடையை உயர்த்தி வேலை செய்வதற்கான எல்லை இந்த வகை வண்டிகளில் பொதுவாகப் பக்கவாட்டில் 1.5 டிகிரி, முன்பின்னாக 3 டிகிரி.

1.5 டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாது. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 70 செ.மீ. இருந்தால், ஒரு பக்கம் 18 மி.மீ. தாழ்ந்தாலே 1.5 டிகிரி வந்துவிடும். அதே சாய்வில் 6 மீட்டர் உயரத்தில் மேடை கிட்டத்தட்ட 16 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிப் போகிறது. வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சக்கரம் வரை இருப்பதே 35 செ.மீ.தான். சாய்வு 3 டிகிரியானால் மேடை 31 செ.மீ. தள்ளிவிடும். அப்போது உங்கள் எடை ஏறக்குறைய சக்கரத்துக்கு நேர்மேலே நிற்கும். கவிழாமல் பிடித்து வைத்திருப்பது கீழே இருக்கும் அடிச்சட்டத்தின் எடையும் பேட்டரிகளின் எடையும்தான். இதோடு மேலே ஒருவர் சுவரில் கையை ஊன்றித் தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்தால், எல்லையை ஏன் இவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

சரி, என்ன செய்வது? மேடையை இறக்கி மடக்குங்கள். நேரான சட்டம் ஒன்றை இடது வலது சக்கரத் தடங்களின் குறுக்கே தரையில் போட்டு, மேலே ரசமட்டத்தை வையுங்கள். தாழ்ந்த முனையை மட்டத்துக்குத் தூக்கி, அடியில் விழும் இடைவெளியை அளந்தால் வித்தியாசம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். தண்ணீர் வடிவதற்காக 40-க்கு 1 வாட்டம் கொடுத்த தரையில் 70 செ.மீ.க்கு 17.5 மி.மீ. வரும். அதாவது எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் வண்டியின் நீளம் வாட்டத்தின் திசையில் அமையுமாறு திருப்பி நிறுத்தினால், 3 டிகிரி அனுமதி உள்ள திசையில் சாய்வு விழும். பல நேரம் இது மட்டுமே போதும். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகைத் துண்டைச் செருகி மட்டப்படுத்துவது மட்டும் வேண்டாம். சென்சார் அமைதியாகிவிடும், வண்டி மொத்தமும் ஒரு துண்டுப் பலகையை நம்பி நிற்கும்.

ஏறி நின்று கொஞ்ச நேரம் கழித்து அடிக்கிறது

இதுதான் அதிகம் பயப்பட வேண்டிய அறிகுறி. சென்சார் மேல் பழி விழுவதும் இங்கேதான் அதிகம். ஏறும்போது அமைதியாக இருந்தது, யாரும் வண்டியைத் தொடவில்லை, திடீரென்று அடிக்கிறது. வண்டி நகரவில்லை என்றால் நகர்ந்தது தரைதான்.

ஒரு கட்டடத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். பெரிய கூடம், புதிதாகப் போட்ட தரை, கூரையில் தீயணைப்புக் குழாய் பொருத்தும் வேலை. சுவரை ஒட்டி நிறுத்திய வண்டி பிரச்சினையின்றி ஏறியது. குழாயைப் பிடித்துக் கவ்விகளை முறுக்கிக்கொண்டிருந்தபோது அலாரம். இறங்கினார்கள். வண்டியை 3 மீட்டர் தள்ளி நிறுத்தி ஏற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பழைய இடத்துக்குக் கொண்டுவந்து ஏற்றினார்கள், சற்று நேரத்தில் மறுபடியும் அலாரம்.

"அண்ணே, வண்டிக்கு ஒண்ணுமில்ல. இந்த இடத்துலதான் என்னமோ இருக்கு" என்றார் கீழே நின்ற உதவியாளர். சரியாகச் சொன்னார். கோளாறு வண்டியோடு கூட வந்தால் வண்டியைப் பார்க்க வேண்டும். இடத்தோடு தங்கிவிட்டால் இடத்தைப் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் ரசமட்டத்தையும் வைத்துப் பார்த்ததில் சுவர்ப் பக்கத் தடம் 22 மி.மீ. தாழ்ந்திருந்தது. 70 செ.மீ.க்கு 22 மி.மீ. என்றால் 1.8 டிகிரி. சென்சார் சொன்னது நிஜம். குனிந்து பார்த்தபோது அந்தப் பக்கம் தரையில் மயிரிழை போல ஒரு விரிசல், சுவருக்கு இணையாக நீளமாக ஓடியது. சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால், கூடத்தின் நடுவில் "ணங்" என்று கெட்டியாகக் கேட்ட ஓசை விரிசலைத் தாண்டியதும் "பொத்" என்று மாறியது. கட்டட வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் கழிவுநீர்க் குழாய் அந்த வழியாகப் போவது தெரிந்தது. பள்ளம் தோண்டிக் குழாயைப் பதித்து, மண்ணைச் சரியாக இறுக்காமல் மூடி, மேலே மெல்லிய கான்கிரீட் போட்டிருந்தார்கள்.

இதில் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வண்டி 1500 கிலோ, ஆளும் சாமானும் 200 கிலோ, மொத்தம் 1700. நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரிந்தால் ஒன்றுக்கு 425 கிலோ. ஆனால் மேடையை நீட்டி ஒரு பக்கம் ஆள் நிற்கும்போது சமமாகப் பிரியாது, ஒரு சக்கரத்தில் 600 கிலோவுக்கு மேலேயே விழலாம். காற்றில்லாத அந்தக் கெட்டி டயர் தரையைத் தொடும் பரப்பு உள்ளங்கை அளவுதான். 80 சதுர செ.மீ. என்று வைத்தால் ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் 7.5 கிலோ அழுத்தம். நல்ல கான்கிரீட் இதைச் சாதாரணமாகத் தாங்கும். இறுக்காமல் கொட்டிய மண் 1 கிலோ தாங்குவதே அரிது. மேலே இருந்த மெல்லிய கான்கிரீட் வளைந்துகொண்டே போனது, அடியில் மண் மெதுவாக அமுங்கியது. அதனால்தான் அலாரம் உடனே அடிக்காமல் நேரம் எடுத்தது.

சாய்வுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு பக்கம் தாழ்ந்ததும் பாரம் அந்தப் பக்கச் சக்கரத்துக்கே இன்னும் கூடும், கூடிய பாரம் இன்னும் அமுக்கும். ஆகவே நேரம் கழித்து அடிக்கும் அலாரத்தில், "இந்த ஒரு கவ்வியை மட்டும் முடிச்சிட்டு இறங்கிடறேன்" என்பதற்கு இடமே இல்லை. உடனே இறங்க வேண்டும்.

அழுத்தத்தைப் பரப்ப அடியில் தகடு போடலாமா என்று கேட்டால், மண் தளர்வாக இருக்கும் இடத்தில் அது உதவும். 600 கிலோவை 40 செ.மீ. சதுரத் தகட்டில் பரப்பினால் சதுர செ.மீ.க்கு 0.4 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். தகடு வளையாத கனத்தில் இருக்க வேண்டும், நான்கு சக்கரத்துக்கும் ஒரே கனம் வேண்டும். ஆனால் அடியில் வெற்றிடம் இருந்தால் அந்தத் தகடு எதையும் தீர்க்காது. குழாய்ப் பள்ளம், மேன்ஹோல் மூடி, நிலத்தடித் தொட்டி, மேல்மாடித் தளம் ஆகியவற்றின் மேல் வண்டி நிற்கலாமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்கும்போது வண்டியின் மொத்த எடையைச் சொன்னால் போதாது, கையேட்டில் உள்ள அதிகபட்ச ஒற்றைச் சக்கர பாரத்தைச் சொல்லுங்கள்.

மேற்சொன்ன கூடத்தில் அன்றைக்குப் பள்ளத்தின் மேல் நிறுத்தாமல் இன்னொரு பக்கத்திலிருந்து எட்டும் வேலைகளை முடித்தார்கள். மிச்சத்துக்குப் பள்ளத்தைத் திறந்து, அடுக்கடுக்காக மண்ணை இறுக்கி, கான்கிரீட்டைத் திரும்பப் போட்ட பிறகுதான் வண்டி அங்கே போனது.

இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வண்டி வருவதற்கு முன்பே அது போகும் வழியை நடந்து பாருங்கள். நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. தரையின் நிறம் மாறும் இடம், ஒட்டுப்போட்ட கோடு, மூடிகள், ஈரம், சுவரோரம், எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. திறந்த பள்ளம் இருந்தால் குறைந்தது பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். மண் தளர்வாக இருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். நேற்று நன்றாக இருந்த மண்தரை மழைக்குப் பிறகு வேறு தரை. திரும்ப நடந்து பாருங்கள்.

மேலே இருக்கும்போது ஓட்ட மறுக்கிறது

மேடை உயர்ந்ததும் அடிச்சட்டத்தின் இரு பக்கமும் நீளமான இரும்புத் தகடுகள் கீழே இறங்கும். இவை பள்ளத் தடுப்புத் தகடுகள். மடங்கியிருக்கும்போது தரைக்கும் சட்டத்துக்கும் 6 முதல் 9 செ.மீ. வரை இருக்கும் இடைவெளி, தகடு இறங்கியதும் சுமார் 2 செ.மீ. ஆகிவிடும். சக்கரம் குழியில் விழுந்தால் வண்டி அந்தத் தகட்டின் மேல் உட்கார்ந்துவிடும், கவிழும் அளவுக்குச் சாயாது. தகடு முழுதாக இறங்கவில்லை என்றால் வண்டி ஓடாது, பல வண்டிகளில் மேலே ஏறுவதும் நின்றுவிடும்.

காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். தகட்டுக்கு அடியில் மரச்சிலாம்பு, கம்பித்துண்டு, மின்கம்பி, காய்ந்துபோன சிமெண்டுக் கட்டி. மேடையை முழுதாக இறக்கி, சாவியை எடுத்துவிட்டு, தகட்டைச் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள். தகடு மேலும் கீழும் தானாக நகரக்கூடிய இடத்துக்குள் கையை விட வேண்டாம், குச்சியால் தள்ளுங்கள். சுத்தம் செய்தும் இறங்கவில்லை என்றால் தகடு வளைந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

OL வருகிறது, ஆனால் பாரம் அதிகமில்லை

மேடையில் இருப்பதை உண்மையாகக் கூட்டிப் பாருங்கள். இரண்டு ஆள், கருவிப் பெட்டி, குழாய்த் துண்டுகள் என்றாலே 230 கிலோ நெருங்கிவிடும். வெளியே நீட்டும் மேடைக்குத் தனி எல்லை உண்டு. இந்த அளவு வண்டிகளில் அது சுமார் 113 கிலோ, அதாவது ஒருவர் கையில் கருவியோடு நிற்கலாம். இருவர் அங்கே போய் நிற்கக் கூடாது.

கூட்டிப் பார்த்தும் குறைவாகவே வந்தால் மேலே பாருங்கள். கைப்பிடிக் கம்பி உத்தரத்திலோ குழாயிலோ மாட்டியிருக்கும். மேடை அதை முட்டித் தள்ளும்போது ஹைட்ராலிக் அழுத்தம் ஏறுவதை வண்டி அதிக பாரம் என்று படிக்கும். பல வண்டிகளில் `OL` வந்ததும் எல்லா இயக்கமும் நின்றுவிடும், பாரம் குறைந்தால்தான் திரும்பும். மாட்டிய இடத்தில் ஆளின் கையோ தலையோ சிக்கியிருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே எதையும் தொட வேண்டும்.

அலாரமே இல்லை, ஆனால் ஆடுகிறது

காற்றையும் பக்கவாட்டுத் தள்ளலையும் உணரும் சென்சார் இந்த வண்டிகளில் இல்லை. பலகையில் காற்றின் வேகம் 0 என்று போட்டிருந்தால் அது உள்ளே மட்டும் வேலை செய்ய வேண்டிய வண்டி. பெரிய ஷட்டர் கதவு திறந்திருக்கும் கூடம் அந்தக் கணக்கில் உள்ளே ஆகாது. வெளியே பயன்படுத்த அனுமதித்த வண்டிக்குப் பொதுவான எல்லை நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ.

அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 100 நியூட்டன் விசையோடு தள்ளும். 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் அளவுள்ள ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்தால் பரப்பு 2.88 சதுர மீட்டர், விசை 300 நியூட்டனைச் சுற்றி. மேடையில் இருவர் நின்றால் பக்கவாட்டில் தரலாம் என்று வைத்திருக்கும் விசை மொத்தமே 400 நியூட்டன், ஒருவர் என்றால் 200. ஒரே ஒரு பலகை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. கைப்பிடியில் பேனர் கட்டுவதும் இதே கணக்குத்தான்.

உண்மையிலேயே சென்சார்தானா?

தட்டையான கெட்டித் தரையில், ரசமட்டம் சரியாக இருக்கும் இடத்திலும் அடித்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். எல்லையைத் தாண்டிய சாய்விலும் அடிக்காமல் ஏறினால் அது இன்னும் மோசம். அந்த வண்டியை உடனே ஓரங்கட்ட வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. மேடையில் ஆளும் சாமானும் இருக்கக் கூடாது. கையேடு சொல்லும் கனத்தில் இரண்டு கட்டைகளை ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டுக்கும் கீழே வைத்து, வண்டியை அவற்றின் மேல் மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். பிறகு கீழேயுள்ள கட்டுப்பாட்டிலிருந்து மேடையை உயர்த்துங்கள். சுமார் 2 மீட்டரில் நின்று அலாரம் அடிக்க வேண்டும். இறக்கி, கட்டைகளை எடுத்து, மறுபக்கத்துக்கும் முன்பின் திசைக்கும் அதையே செய்யுங்கள். சென்சாரைக் கழற்றி மட்டமாக வைத்துக் கட்டுவது, அதன் கம்பியைத் துண்டிப்பது போன்றவற்றை எங்கே பார்த்தாலும் அந்த வண்டியில் யாரையும் ஏற விடாதீர்கள்.

மேலே இருப்பவரால் இறங்க முடியவில்லை

பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஆபரேட்டர் மயங்கியிருக்கலாம். முதலில் கீழ்க் கட்டுப்பாட்டில் சாவியைத் திருப்பி இறக்கிப் பாருங்கள். அதுவும் செத்திருந்தால் அடிச்சட்டத்தில் ஓர் இழுப்புக் குமிழ் இருக்கும். அதை இழுத்தால் எண்ணெய் மெதுவாகத் திரும்பி மேடை தன் எடையிலேயே இறங்கும். இழுப்பதற்கு முன் மேடைக்கும் கத்தரிக் கால்களுக்கும் கீழே எதுவும் சிக்கியிருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் தாங்கிக்கொண்டிருந்தால் குமிழை இழுப்பது வண்டியைக் கவிழ்க்கலாம்.

குமிழ் எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். பயிற்சி அட்டை மட்டும் போதாமல் போவது இந்த இடத்தில்தான். ஆபரேட்டர் பயிற்சிக்கு ஐ.எஸ்.ஓ. 18878 என்ற தரநிலை இருக்கிறது. இத்தகைய வண்டிகளுக்கான சர்வதேச அமைப்பான ஐபாஃப் தரும் பி.ஏ.எல். என்ற பயிற்சி அட்டை 5 ஆண்டுகள் செல்லும். நேராக மேலேறும் வண்டிக்கு 3ஏ, கை நீட்டும் பூம் வண்டிக்கு 3பி என்று பிரிவுகள் தனி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஓட்டக் கூடாது. ஆனால் அட்டை ஒரு வகை வண்டியைத்தான் கற்றுத்தருகிறது. இன்றைக்கு வந்து இறங்கிய இந்தக் குறிப்பிட்ட வண்டியில் எந்தக் குறியீடு என்ன, சாய்வு எல்லை எவ்வளவு, குமிழ் எங்கே என்பதை வண்டியைக் கொண்டுவந்தவர் காட்டித்தர வேண்டும். காட்டாமல் போனால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கீழே நிற்கப்போகும் உதவியாளரையும் அப்போது பக்கத்தில் நிறுத்துங்கள். குமிழை இழுக்க வேண்டிய நேரம் வந்தால் இழுக்கப்போவது அவர்தான். காலையில் வேலை தொடங்கும் முன் காலி மேடையை 2 மீட்டர் உயர்த்தி நிறுத்தி, அவர் கையாலேயே ஒருமுறை இறக்கச் சொல்லுங்கள்.